பாங்காக்ல வேலைன்னு டிக்கெட் வந்துச்சு, ரெண்டாவது பக்கத்துல MAQ

தேரா ரூம்காரன்:
துபாய்க்கு விசிட்ல புதுசா வந்தவங்க இத படிங்க. எங்க ரூம்ல மேல் பெட்ல ஒரு தம்பி, இசிஇ முடிச்சவன், ரெண்டு மாச விசிட்ல நாப்பத்தஞ்சு நாள் ஓடிப்போச்சு. அந்த நேரம் பாத்து டெலிகிராம்ல ஒரு ஆஃபர், பாங்காக்ல டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், மாசம் 1200 டாலர், சாப்பாடு தங்கறது ஃப்ரீ, டிக்கெட்டும் கம்பெனியே போடுது, நம்மகிட்ட அஞ்சு காசு கேக்கல. அதுலதான் நானும் கவுந்தேன், காசு கேட்டாதான ஃபிராடு, இவன் குடுக்குறானேன்னு நானே சொன்னேன் 😐

இன்டர்வியூன்னு பாத்தா டைப்பிங் ஸ்பீடும், ஒரு வெள்ளக்காரன் கூட சேட் பண்ற மாதிரி அஞ்சு நிமிஷ இங்கிலீஷும்தான். மார்க்கெட்டிங் பத்தி ஒரு கேள்வி இல்ல. இமிக்ரேஷன்ல டூரிஸ்ட்னு சொல்லு, வொர்க் பெர்மிட் உள்ள வந்த அப்புறம் எடுத்துக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னப்போதான் பையனுக்கு லேசா ஒரு மாதிரி ஆச்சாம், ஆனா வாய தொறக்கல.

புதன்கிழமை ராத்திரி துணி மடிச்சிட்டு இருந்தவன் போன காட்டி “அண்ணே, MAQ னா பாங்காக்லயே இன்னொரு ஏர்போர்ட்டா?”ன்னான். வாங்கி பாத்தா முதல் பக்கம் DXB–BKK, அடுத்த நாளுக்கு இன்னொரு டிக்கெட் DMK–MAQ. தேடினா மே சோட். மேப்ப பெருசு பண்ணா ஊர ஒட்டி ஒரு ஆறு, ஆத்துக்கு அந்தாண்ட மியாவாடி, அது மியான்மர். ஆஃபர் லெட்டர்ல ஆபீஸ் பாங்காக் சுகும்வித்னு இருக்கு!! ஏஜெண்ட்ட கேட்டா ரெண்டு வாரம் ட்ரெயினிங் அங்கயாம். வரலன்னு அப்பவே மெசேஜ் போட வெச்சேன்.

பாங்காக்வாசி:
தப்பிச்சான் அண்ணே. அந்த ஆத்துக்கு மோய்னு பேரு, சில இடத்துல இடுப்பளவு தண்ணிகூட இருக்காது, ராத்திரி படகுல ஏத்தி கொண்டு போயிடுவானுங்க, அப்புறம் பாஸ்போர்ட்ல என்ட்ரி சீல்கூட இல்லாம நீங்க மியான்மர்ல. காம்பவுண்டுக்குள்ள போலி ஐடில சேட் பண்ணி வெளிநாட்டுக்காரன்கிட்ட கிரிப்டோல காசு போட வெக்கிறது, அதுதான் வேலை, டைப்பிங் டெஸ்ட் எதுக்குன்னு இப்ப புரியும். ஃப்ரீ டிக்கெட் எல்லாம் உங்க பேர்ல கடனா ஏறும், போகணும்னா ஆயிரக்கணக்குல டாலர் எடுத்து வைம்பான். 2022 செப்டம்பர்லயே நம்ம வெளியுறவுத்துறை இதே பேர்ல வர்ற தாய்லாந்து வேலைய பத்தி எச்சரிக்கை விட்டாங்க. 2025 மார்ச்ல மே சோட்ல இருந்து ஃப்ளைட் வெச்சு ஐநூறு பேருக்கு மேல இந்தியாவுக்கு கூட்டிட்டு போனாங்க.

நெசமான கம்பெனின்னா நீங்க கெளம்பறதுக்கு முன்னாடியே வேலைக்குன்னு இருக்கற நான்-பி விசாவுக்கு பேப்பர் அனுப்பும். கம்பெனியோட 13 இலக்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர கேளுங்க, தாய் அரசாங்க சைட்ல போட்டு பாக்கலாம்.

ஷார்ஜா அக்கா:
இசிஎன்ஆர் பாஸ்போர்ட்தான தம்பிக்கு? டிகிரி முடிச்சவனுக்கு அதுதான் சேஃப், கவர்ன்மெண்ட் செக் பண்ணித்தான் விடும்.

பாங்காக்வாசி:
நேர் மாறுக்கா. இசிஎன்ஆர்னா எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவையில்ல, அதாவது யாரும் நிறுத்தி கேக்க மாட்டாங்க. அதனாலதான் அவனுங்க டிகிரிக்காரனா தேடுறானுங்க. அதுவும் துபாய்ல இருந்து ஏறினா ஊர் ஏர்போர்ட் பக்கமே போறதில்ல.

விசிட் முடியப்போது:
எனக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒரு ஏஜெண்ட் ஓமன் போயிட்டு வந்தா புது விசிட் அடிச்சு தரேன்றான், 1100 திர்ஹம். குடுக்கலாமா?

தேரா ரூம்காரன்:
அது வேற கதை தம்பி, தனியா போடுங்க, தெரிஞ்சவங்க சொல்வாங்க.

இங்க இப்ப பிரச்சன என்னன்னா, டிக்கெட் காசு 1900 திர்ஹம் கட்டு, இல்லன்னா போலீஸ் கேஸ்னு ஏஜெண்ட் தெனம் வாய்ஸ் நோட் போடுறான். பாஸ்போர்ட் காப்பி அவன்கிட்ட இருக்கு.

ஷார்ஜா அக்கா:
குடுத்து தொலைங்கப்பா, விசா மாத்துற நேரத்துல கேஸ் எதுக்கு.

பாங்காக்வாசி:
ஒரு திர்ஹம் குடுக்காதீங்க. கேஸ் போட்டா அவன் பேரும்தான வெளிய வரும். வாய்ஸ் நோட்ட அழிக்காம வெச்சு நீங்களே முதல்ல கம்ப்ளைன்ட் குடுங்க. காப்பிய வெச்சு வேற ஏதாவது பண்ணுவானான்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

தேரா ரூம்காரன்:
பையன் குடுத்துடலாம்னு அழறான், நான் போலீஸ்கிட்ட போலாம்னு நிக்கிறேன். இன்னொன்னு, டிக்கெட் பிடிஎஃப்ப இப்பதான் முழுசா பாத்தேன், அதே புக்கிங்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. பேர வெச்சு பாத்தா நம்ம ஊர் பசங்க மாதிரிதான் இருக்கு. நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். இவங்கள எப்படி புடிக்கிறது?

பாங்காக்வாசி:
அண்ணே மொதல்ல அத பண்ணுங்க. இந்தியன் கான்சுலேட்டுக்கு இப்பவே போன் போடுங்க, பிடிஎஃப்ப எனக்கும் தனியா அனுப்புங்க, நான் இங்க எம்பசில குடுக்கறேன். வந்து இறங்கிட்டாங்கன்னா ஏர்போர்ட்ல கார்ல ஏறாம டூரிஸ்ட் போலீஸ் 1155க்கு அடிக்க சொல்லணும்.