சப்டைட்டில்: படத்தில் பதிப்பதா, தனிக் கோப்பாக ஏற்றுவதா?

நிலாமுற்றம்
முதியவர் ஒருவரின் நேர்காணலை எடிட் செய்து முடித்துவிட்டேன். மொத்தம் 24 நிமிடம். அவர் பேச்சு சில இடங்களில் தெளிவாக இல்லை என்பதால் தமிழிலேயே சப்டைட்டில் தயாரித்தேன். ஆங்கிலத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் எஸ்ஆர்டி கோப்புகள். முழுப்படம் யூடியூபில் ஏறும். அதிலிருந்து ஒன்றரை நிமிடத் துண்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும். வரிகளைப் படத்திலேயே பதித்துவிடலாமா, தனிக் கோப்பாகக் கொடுக்கலாமா?

ஒளிக்கற்றை
பதித்துவிடுங்கள். தனிக் கோப்பு கொடுத்தால் அதைப் பார்வையாளர்தான் இயக்க வேண்டும். அந்தச் சின்ன பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் ஏராளம்; தெரிந்தவர்களிலும் பாதிப்பேர் அழுத்தமாட்டார்கள். பேச்சு புரியாத இடத்தில் வரி தெரியவில்லை என்றால், படத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பதித்தால் எழுத்துரு, அளவு, இடம் மூன்றும் நீங்கள் வைத்தபடியே எல்லாத் திரையிலும் வரும். தரத்திலும் எந்த வேறுபாடும் இருக்காது.

வெட்டுமேசை
கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவை ஓரளவு சரி. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். யூடியூபில் ஒரு படம் ஏறிய பிறகு அந்த வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். புதிய ஏற்றத்துக்குப் புதிய முகவரி. பழையதற்கு வந்த பார்வைகள், கருத்துகள், பிறர் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் பழையதோடு நின்றுவிடும். இந்த நேர்காணலில் ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் நிறைய வருமே? வெளியான மறுநாளே அந்தக் குடும்பத்தார் ஒருவர், "எங்கள் தாத்தாவின் பெயர் அப்படி இல்லை" என்று எழுதுவார். தனிக் கோப்பாக இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தி, எஸ்ஆர்டியை மாற்றி ஏற்றினால் வேலை முடிந்தது. பதித்திருந்தால் பிழையோடு வாழ வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தரத்தைப் பற்றி. வரியைப் பதிக்க வேண்டுமானால் படம் முழுவதையும் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும். யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். அந்தச் சுருக்கத்தில் முதலில் அடிபடுவது கூர்மையான விளிம்புகள், அதாவது எழுத்துகள். வழக்கமான வீடியோவில் நிறத் தகவல் ஒளித் தகவலைவிட அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் சிவப்பு எழுத்து கலங்கித் தெரியும். வெள்ளை எழுத்தும் கறுப்பு ஓரமும் தாங்கும். பதித்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே எடுத்த எம்பி4-இன் மேல் பதிக்காதீர்கள். எடிட் கோப்பைத் திறந்து அங்கிருந்தே வரியோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரு சுருக்கமாவது மிச்சம்.

பழையதட்டு
இதற்கு ஏன் இவ்வளவு விவாதம்? வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி தானாகவே எடுத்துக்கொள்கிறதே. நான் பல வருடங்களாக அப்படித்தான் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பிலும் இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

வெட்டுமேசை
ஐயா, அது உங்கள் கணினியில் உள்ள பிளேயரின் வசதி. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைத் தட்டினால் அதன் உள்பிளேயர்தான் ஓட்டும். பக்கத்தில் வந்த எஸ்ஆர்டியை அது எட்டிக்கூடப் பார்க்காது. குழுவில் இருப்பவர்களுக்கு அது திறக்க முடியாத ஏதோ ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

ஒளிக்கற்றை
அப்படியானால் வாட்ஸ்அப் துண்டுக்குப் பதிப்பதுதான் வழி என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அதையே முழுப்படத்துக்கும் செய்துவிட்டால் ஒரே வேலை.

வெட்டுமேசை
துண்டுக்கு ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்குச் சண்டையே இல்லை. தனிக் கோப்பை வாங்கிக்கொள்ள இடமே இல்லாத தளத்தில் பதிக்காமல் என்ன செய்வது? ஆனால் ஒன்றரை நிமிடத் துண்டில் பிழை வந்தால் மறுபடி எடுத்து அனுப்பலாம். யூடியூபில் உள்ள முழுப்படம் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கப்போகிறது. அதோடு அவரிடம் இரண்டு மொழிகள் இருக்கின்றன. இரண்டையும் பதித்தால் திரையின் அடிப்பகுதியில் நான்கு வரிகள் குவியும். முதியவரின் முகம் எங்கே தெரியும்?

சைகை
எனக்குக் காது கேட்காது. சப்டைட்டில் இல்லாத படம் எனக்குப் படமே இல்லை, அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தனிக் கோப்பாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குவேன். பின்னால் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்வேன். பதித்த வரியில் எதுவும் செய்ய முடியாது. வெள்ளைச் சட்டையின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் அவ்வளவுதான். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. என் கைப்பேசியில் சப்டைட்டில் எப்போதும் இயங்கும்படி வைத்திருக்கிறேன். தனிக் கோப்பு இல்லாத படங்களில் யூடியூப் தானாக உருவாக்கும் வரி வந்து, பதித்த வரியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. இரண்டையும் படிக்க முடியாது.

ஆனால் ஒளிக்கற்றை சொல்வதையும் நான் தள்ளமாட்டேன். குழுக்களில் வரும் துண்டுகளில் வரி பதித்திருந்தால்தான் எனக்கு ஏதாவது கிடைக்கிறது.

அப்புறம், பேச்சை மட்டும் எழுதாதீர்கள். யாரோ கதவைத் தட்டியதும் முதியவர் பேச்சை நிறுத்துகிறார் என்றால், தட்டும் ஓசையும் ஒரு வரியாக வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஏன் திரும்பிப் பார்க்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

நிலாமுற்றம்
துண்டுக்கு மட்டும் பதித்துப் பார்த்தேன். இரண்டு சிக்கல்கள். முதலாவது, எழுத்துகள் உடைகின்றன: "கொடுத்தோம்" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, சில இடங்களில் புள்ளி வட்டம் வருகிறது. இரண்டாவது, 11 நிமிடம் 20 நொடியிலிருந்து வெட்டினேன். ஆனால் நேர்காணலின் தொடக்க வரிகள் வந்து நிற்கின்றன.

ஒளிக்கற்றை
எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அதுதான் காரணமாக இருக்கும்.

வெட்டுமேசை
எழுத்துரு காரணமாக இருந்தால் பெரும்பாலும் வெறும் கட்டங்கள் வரும். இங்கே எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் இடம் மாறியிருக்கின்றன. யூனிகோடில் "கொ" என்பது க என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து க-வின் இருபுறமும் வைப்பது, எழுத்தைத் திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. சில எடிட்டிங் மென்பொருள்களில் அந்தப் பகுதி தமிழை முழுதாக அறியாது. சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான எழுத்துப்பொறியை அமைப்புகளில் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டளை எழுதி இயக்கும் ffmpeg என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், அதில் எழுத்தை வரையும் libass, HarfBuzz என்ற நிரல்கள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இருந்தால் தமிழ் சரியாக வரும்.

சோதிக்க முழுப்படத்தையும் ஓட்ட வேண்டாம். எஸ்ஆர்டியின் முதல் வரியில் "கொடுத்தோம், கௌரவம், ஸ்ரீ, க்ஷ" என்று தற்காலிகமாக எழுதி, முதல் பத்து நொடியை மட்டும் பதித்துப் பாருங்கள். இந்த நான்கும் சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

தனிக் கோப்பில் இந்தத் தலைவலி ஏறக்குறைய இல்லை என்பதையும் கவனியுங்கள். எழுத்தை வரைவது பார்வையாளரின் கருவி, அதற்குத் தமிழ் தெரியும். உங்கள் பொறுப்பு கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிப்பது மட்டுமே. வேறு குறிமுறையில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இரண்டாவது சிக்கல், ffmpeg-இல் வெட்டியிருந்தால், வெட்டும் கட்டளையை எங்கே வைத்தீர்கள் என்பதில் இருக்கிறது. `-ss` என்பதை உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் வைத்தால், வெட்டிய இடமே பூஜ்ய நொடியாகிவிடும். சப்டைட்டிலும் தன் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும். பின்னால் வையுங்கள்:

```
ffmpeg -i nerkanal.mp4 -vf "subtitles=tamil.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=22'" -ss 00:11:20 -t 90 -crf 18 thundu.mp4
```

இப்படிச் செய்தால் 11 நிமிடம் 20 நொடி வரை படத்தைப் படித்து, வரியை உரிய நேரத்தில் பதித்து, அதன் பிறகுதான் வெட்டும். சற்று நேரமாகும், ஆனால் வரி பொருந்தும். அந்த 22 என்பது பிக்சல் கணக்கு இல்லை. எஸ்ஆர்டி கொடுத்தால் படத்தின் உயரத்தை 288 பங்காக வைத்துக் கணக்கிடும். ஆகவே எந்த அளவுப் படத்திலும் எழுத்து அதே விகிதத்தில் வரும். முடிவைக் கணினித் திரையில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். கைப்பேசிக்கு அனுப்பி, வாட்ஸ்அப் சுருக்கிய பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஒளிக்கற்றை
சரி, எழுத்துரு விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சப்டைட்டிலை இயக்காத பார்வையாளரை என்ன செய்வது? இது தமிழுக்குத் தமிழ் வரி. "எனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று அதைத் தேடவே மாட்டார்கள். புரியாத பேச்சோடு போராடிவிட்டு விலகிவிடுவார்கள்.

வெட்டுமேசை
உங்கள் வாதத்தில் வலுவான பகுதி இதுதான். இணையதளத்தில் படத்தைப் பொதிந்து வைப்பவர்கள் முகவரியின் இறுதியில் `cc_load_policy=1` என்று சேர்த்தால் வரி தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் யூடியூப் செயலிக்கு நேரே வருபவருக்கு அது உதவாது. படம் தொடங்கும்போது முதல் ஐந்து நொடிக்கு "சப்டைட்டில் உண்டு, இயக்கிக்கொள்ளலாம்" என்று ஒரு சிறு அட்டை போடலாம். அதைப் பதித்தால் பின்னால் திருத்த வேண்டிய தேவை வராது.

ஒளிக்கற்றை
அறிவிப்பு அட்டையை யார் படிக்கிறார்கள்? தெளிவில்லாத இடங்களில் மட்டும் வரியைப் பதிக்கச் சொல்லுங்கள். செய்திப் படங்களில் அப்படிச் செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சைகை
அப்போது தனிக் கோப்பையும் இயக்கிப் பார்க்கும் எனக்கு அந்த இடங்களில் ஒரே வரி இரண்டு முறை, ஒன்றன் மேல் ஒன்றாக வருமே.

ஒளிக்கற்றை
பதித்த இடங்களின் வரிகளைத் தமிழ்க் கோப்பிலிருந்து எடுத்துவிட்டால் போயிற்று.

வெட்டுமேசை
எடுத்தால் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு, மிகவும் தேவையான இடத்தில் சிறிய எழுத்துதான் கிடைக்கும். ஆங்கிலக் கோப்பில் அவற்றை எடுக்கவும் முடியாது. அங்கே பதித்த தமிழின் மேல் ஆங்கிலம் வந்து விழும். பதித்த வரியைத் திரையின் மேற்பகுதிக்கு ஏற்றினால் மோதாது என்பார்கள், ஆனால் நேர்காணலில் அங்கேதான் தலை இருக்கும். என் வாக்கு தனிக் கோப்புக்கே.

நிலாமுற்றம்
துண்டு சரியாக வந்துவிட்டது, கொம்புகள் எல்லாம் தத்தம் இடத்தில் நிற்கின்றன. யூடியூபுக்கு வரி பதிக்காத படத்தையும் இரண்டு எஸ்ஆர்டிகளையும் ஏற்றுகிறேன். ஓசைகளையும் இன்று சேர்த்துவிடுகிறேன். தெளிவில்லாத பகுதி மொத்தம் மூன்று நிமிடம் வரும், பெரும்பாலும் ஒரே இடத்தில். அதை மட்டும் பதிக்கலாமா என்ற குழப்பம் தீரவில்லை.

ஒளிக்கற்றை
அந்த மூன்று நிமிடத்தின் ஒலியை முதலில் இங்கே ஏற்றுங்கள். கேட்டுவிட்டுச் சண்டையைத் தொடர்கிறோம்.