தங்கம் அத்தைக்குத் துபாய் டிக்கெட் (குடும்பக் குழு)

அஜின்: மாமா, ஷைனி மைனியின் பிரசவத்துக்காக உங்கள் இருவருக்கும் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போட உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் Surname இடத்தில் DEVASAHAYAM, Given Name இடத்தில் SELVARAJ என்று தெளிவாக இருக்கிறது. அத்தையுடையதில் Given Name இடத்தில் THANGAM என்று மட்டுமே உள்ளது, Surname காலி. இணையதளம் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. ஆதாரில் இருக்கிற S என்ற இனிஷியலைப் போட்டுவிடட்டுமா?

செல்வராஜ் மாமா: இனிஷியல் வேண்டாம் மக்களே. என் பெயரையே முழுதாகப் போடு. மனைவிக்குக் கணவன் பெயர்தானே குடும்பப் பெயர்.

ஜெயா சித்தி: நான் எம். ஜெயா என்றே ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

ராபின் அண்ணன்: அஜின், பணம் கட்டாதே. சித்தி, உள்நாட்டு ரயிலில் ஏற்றுக்கொள்ளப்படும் ஓர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வெளிநாட்டு விமானத்தில் டிக்கெட்டை பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். அந்தப் பக்கத்தில் S-உம் இல்லை, SELVARAJ-உம் இல்லை. இல்லாத பெயரை நாமே சேர்த்தால் செக்-இன் கவுண்டரில் அது வேறொரு ஆளின் டிக்கெட்டாகத்தான் தெரியும். எழுத்துப்பிழை என்றால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள், ஆனால் புதிதாக ஒரு பெயர் நுழைந்திருந்தால் டிக்கெட்டை ரத்து செய்து மறுபடி வாங்கச் சொல்லும் நிறுவனங்களே அதிகம். மார்த்தாண்டத்தில் எங்கள் டிராவல்ஸுக்கு இந்தச் சிக்கலோடு வருகிறவர்கள் பலர், ஏனென்றால் நம் பக்கத்தில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகத்தான் முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும், விரிக்காமல் விட்டவர்களுக்கு ஒற்றைப் பெயரே அச்சாகிவிடுகிறது.

அஜின்: அப்படியானால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

ராபின் அண்ணன்: அது விமான நிறுவனத்தைப் பொறுத்தது. சிலர் இரண்டு கட்டத்திலும் THANGAM என்றே எழுதச் சொல்வார்கள். சிலர் பெயரை Surname கட்டத்தில் போட்டு, மற்றதில் First Name Unknown என்பதன் சுருக்கமான FNU என்று எழுதச் சொல்வார்கள். நீ பார்க்கிற நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்.

ஜெயா சித்தி: என் ரோம் பயண டிக்கெட்டில் MARYJEYA MRS என்று சேர்த்து அச்சாகியிருந்தது. அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ராபின் அண்ணன்: அது பிழையே இல்லை சித்தி. முன்பதிவு முறை இடைவெளியை விழுங்கிவிடும், கடைசியில் MRS என்று ஒட்டும். எழுத்துகள் வரிசையாகச் சரியாக இருந்தால் போதும்.

ஆனால் அத்தை விஷயத்தில் டிக்கெட்டுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு வந்த விளக்கத்தில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆனால் அதையும் வருகையின்போது விசா பெறத் தகுதி உள்ளவர்களுக்கு என்றே சொன்னார்கள். நம் பாஸ்போர்ட்டில் அந்த இரண்டாம் பக்கம் என்பது பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும் கடைசிப் பக்கம்தான். மாமா, அத்தை பாஸ்போர்ட்டில் அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செல்வராஜ் மாமா: (படம்)

ராபின் அண்ணன்: GNANAMUTHU என்று அத்தையின் அப்பா பெயர் தெளிவாக இருக்கிறது. அதுவரை நல்லது. இதை வைத்து விசா கிடைக்குமா என்று ஷைனி அங்கே கேட்க வேண்டும், விசாவில் பெயர் எப்படி அச்சாகிறது என்று பார்த்த பிறகே டிக்கெட்.

ஜெயா சித்தி: விண்ணப்பம் நிரப்பிய அன்றே தங்கம் மைனியின் அப்பா பெயரையும் சேர்க்கச் சொன்னேன். கல்யாணம் ஆனவளுக்கு அது எதற்கு என்று அண்ணன்தான் சொன்னீர்கள்.

செல்வராஜ் மாமா: என் பெயரைச் சேர்க்கவும் அவள் சம்மதிக்கவில்லை ஜெயா. அதையும் சொல்.

ஷைனி: இங்கே விசா எடுத்துத் தருகிறவரிடம் கேட்டேன். அனுப்பிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார். பாஸ்போர்ட்டையே மாற்றினால் எத்தனை நாள் ஆகும் அண்ணா?

ராபின் அண்ணன்: மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து Surname சேர்க்கலாம். 36 பக்கத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. காவல்துறை விசாரணை தேவைப்பட்டால் அது எப்போது முடியும் என்பதைப் பொறுத்தும் நாள் மாறும். ஆதாரில் S. தங்கம் என்று இருப்பதையும் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கலாம், ஏனென்றால் சேர்க்கிற பெயருக்கு ஆவணம் கேட்பார்கள். புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வரும், ஆகவே பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்ற வரிசை மாறக் கூடாது. பழைய எண்ணில் விசா வாங்கிவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் இரண்டும் பொருந்தாது.

ஷைனி: எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அம்மா இல்லாமல் நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்.

அஜின்: அப்படியானால் மாமாவுக்கு மட்டும் இப்போது போட்டுவிடட்டுமா? விலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

செல்வராஜ் மாமா: அவள் இல்லாமல் நான் தனியாகப் போய் என்ன செய்ய? நிறுத்தி வை. Surname என்னவென்று அவளிடமே கேட்கிறேன், குருசடியிலிருந்து வரட்டும்.

ஜெயா சித்தி: GNANAMUTHU என்றுதான் சொல்வாள்.