கலைச்சொல்: லிஃப்ட் தளத்தோடு சமமாக நிற்பதற்கு என்ன சொல்?

கோமதி (மாட்டுங்கா) எழுதியது:

வணக்கம். எங்கள் சொசைட்டியின் பழைய லிஃப்ட்டைப் புதுப்பிக்க ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு தயாராகிறது. தரைத்தளமும் அதற்கு மேல் ஆறு மாடியும், ஆறு பேர் ஏறும் 408 கிலோ லிஃப்ட். பொதுக்குழுவில் கை தூக்க வேண்டியவர்களில் பலர் ஆங்கில நோட்டீஸைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடும் மாமா, மாமிகள். அதனால் தமிழில் ஒரு படி எழுதும் வேலை என் தலையில்.

முக்கால்வாசி முடிந்தது. விண்ணப்ப விதிகளில் சிரமமே இல்லை. முன்வைப்புத் தொகை, முத்திரையிட்ட இரண்டு உறைகள் (ஒன்றில் தொழில்நுட்ப விவரம், மற்றதில் விலை), நேரில் வந்து லிஃப்ட்டைப் பார்க்காதவர்களின் உறை பிரிக்கப்படாது என்பதெல்லாம் தமிழில் நன்றாகவே வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது ஒரே வரியில்: 'லெவலிங் அக்யூரஸி ±5 மி.மீ.' நான் 'தளமட்டத் துல்லியம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பிரபு (டோம்பிவிலி) எழுதியது:

'மட்டம்' அருமையான சொல். கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கும்வரை யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. 'தளமட்டம்' என்றே வைத்துவிடுங்கள்.

ஆனால் இந்த வரி தேவையா என்றே எனக்குச் சந்தேகம். இப்போதெல்லாம் மோட்டாரின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வி.வி.வி.எஃப். டிரைவ்தான் போடுகிறார்கள். அதைப் போட்டால் எந்த மாடியிலும் கோடு கிழித்தமாதிரி நிற்கும். டிரைவைக் கேளுங்கள், மட்டம் தானே வரும்.

விசாலம் (முலுண்ட்) எழுதியது:

கோமதி, இதே பாடுதான் எங்களுக்கும். போன மழைக்காலத்தில் கரண்ட் போய் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் நின்றேன். தளத்துக்கு நேராக நிற்கவே இல்லை. பேட்டரியில் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் ஒரு பெட்டி இருக்கிறதாமே, அதைக் கட்டாயம் எழுதுங்கள். அதற்குத் தமிழில் 'மீட்புப் பெட்டி' என்று சொல்லலாம்.

சந்தானம் (செம்பூர்) எழுதியது:

விசாலம் அம்மா, நீங்கள் சொல்லும் பெட்டி வேறு விஷயம். அது கரண்ட் போனால் மட்டும் வேலை செய்வது. அதுவும் ஒப்பந்தப்புள்ளியில் இருக்க வேண்டும், ஆனால் கோமதி கேட்பது கரண்ட் இருக்கும்போது தினமும் நடப்பதைப் பற்றி.

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த ஒரு வரிக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் சொல் தேடினால் எந்தச் சொல்லும் சரியாக வராது.

முதலாவது, லிஃப்ட் ஓடி வந்து நிற்கும் கணத்தில் அதன் நிலைப்படிக்கும் மாடியின் நிலைப்படிக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் பழைய மோட்டாரில் வேகத்தைக் குறைக்க வழியில்லை. மின்சாரம் அறுந்ததும் பிரேக் பிடிக்கிறது, அவ்வளவுதான். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை, வெறும் கூண்டோடு பாதிச் சுமையும் சேர்ந்த கனத்தில் இருக்கும். ஆகவே ஆள் இல்லாத லிஃப்ட் மேலே போகும்போது எதிர்எடை அதை இழுத்துக்கொண்டு போகும், தளத்தைத் தாண்டி நிற்கும். அதே காலி லிஃப்ட் கீழே வரும்போது எதிர்எடை தடுக்கும், தளத்துக்கு வந்து சேருமுன்பே நின்றுவிடும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: லிஃப்ட் தளத்துக்கு மேலே நிற்கும். ஆறு பேர் ஏறினால் எல்லாம் தலைகீழாகி, இரண்டு திசையிலும் கீழே நிற்கும். இது பிரேக்கும் மோட்டாரும் சேர்ந்து செய்யும் வேலை. இதற்கு மாறாக, சுமையோ திசையோ எதுவானாலும் ஒரே ஒரு மாடியில் மட்டும் எப்போதும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ நின்றால், எங்கே நிற்க வேண்டும் என்று லிஃப்ட்டுக்குக் காட்டும் அந்த மாடிக்கான காந்தமோ தகடோ இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அதை மெக்கானிக் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். புது லிஃப்ட் தேவையில்லை.

பிரபு சொன்ன டிரைவ் இந்த முதல் விஷயத்தைத் தீர்த்துவிடும். அது வேகத்தை ஏறக்குறையப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே பிரேக் பிடிக்கும்.

இரண்டாவது விஷயத்தை அது தானாகத் தீர்க்காது. லிஃப்ட் தரைத்தளத்தில் சமமாக நின்றுவிட்டது, ஆறு பேர் ஏறுகிறார்கள். மோட்டார் மொட்டைமாடியில், நடுவே சுமார் 21 மீட்டர் கயிறு. எஃகுக் கயிறுதான், ஆனாலும் நீளும். 13 மி.மீ. கயிறு மூன்று என்று வைத்துக்கொண்டு 408 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 7 மி.மீ. இறங்கும். கயிற்றுமுனை ஸ்பிரிங்கையும் சேர்த்து 8 என்று வையுங்கள். ஆறாம் மாடியில் கயிறு மிகக் குட்டை, அங்கே ஸ்பிரிங்கின் பங்கு மட்டும்தான் தெரியும். இது லிஃப்ட் நின்ற பிறகு, ஆள் ஏறி இறங்கும்போது வருவது.

லிஃப்ட்டுகளுக்கான ஐரோப்பிய இ.என். 81-20 தரநூல் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. வந்து நிற்பதில் ±10 மி.மீ. நின்ற பின் ஏறி இறங்கும்போதும் ±20-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் மறுபடி 10-க்குள் கொண்டுவர வேண்டும். கோமதி, உங்கள் ±5 இதில் எது?

கோமதி எழுதியது:

இதைப் படித்ததும்தான் போன முறை நடந்தது எனக்குப் புரிந்தது. அப்போதும் இதே வரிதான் இருந்தது. மூன்று பேர் உறை கொடுத்தார்கள். ஒருவர் ±5, ஒருவர் ±10, மூன்றாமவர் ஒன்றும் எழுதவில்லை. ±5 எழுதியவருக்குக் கமிட்டி அதிக மதிப்பெண் போட்டது. பிறகு ஒரு மீட்டிங்கில் கேட்டபோது, அது காலி லிஃப்ட்டுக்கு மட்டும் என்றார். ±10 என்று எழுதியவர் முழுச் சுமையோடு சொல்லியிருந்தார். நாங்கள் ஒழுங்காக எழுதியவரைத்தான் பின்னுக்குத் தள்ளியிருந்தோம். நல்லவேளை, வேறு காரணத்தால் அந்த ஒப்பந்தப்புள்ளியே ரத்தாயிற்று.

அருணாசலம் (செம்பூர்) எழுதியது:

என் மறுப்பு 'துல்லியம்' மீது. துல்லியம் என்பது கூடக் கூட நல்லது. 'துல்லியம் 5' என்பதைவிட 'துல்லியம் 10' மேலானது என்று உங்கள் மாமிகள் நினைத்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை. அந்த எண் அளப்பது தவற்றை. ஆகவே தவற்றைக் குறிக்கும் சொல்லே வேண்டும். 'தளவிலகல்' என்று முன்மொழிகிறேன். வரும்போது வருவது 'நிறுத்த விலகல்', பிறகு வருவது 'நிலை விலகல்'.

பிரபு எழுதியது:

சந்தானம் சார், கயிறு நீளும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் புது லிஃப்ட்டெல்லாம் நின்ற பிறகும் தானே லேசாக ஏறி மட்டத்தைச் சரிசெய்துகொள்வதைப் பார்த்திருக்கிறேனே? அதையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு 'மறுமட்டம்' என்று நான் பெயர் வைக்கிறேன்.

கோமதி எழுதியது:

அருணாசலம் ஐயா, 'தளவிலகல்' எனக்குப் பிடித்திருந்தது. அறிவிப்பில் போட்டுப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். தொழில்நுட்ப உறையில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தாள் வைக்க வேண்டும்: நாங்கள் கேட்டதிலிருந்து எங்கெல்லாம் மாறுகிறார்கள் என்ற பட்டியல். அதற்கு நான் முதலிலேயே 'விலகல் பட்டியல்' என்று பெயர் வைத்துவிட்டேன். இப்போது ஒருவர் 'விலகல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நிபந்தனையெல்லாம் சம்மதம் என்கிறாரா, அவர் லிஃப்ட் தளத்தோடு அச்சாக நிற்கும் என்கிறாரா? இரண்டும் ஒரே உறைக்குள்.

'பிசகு' என்று வைத்தால் என்ன? 'தளப்பிசகு'. சுளுக்குப் பிசகு என்று வீட்டில் சொல்வதுதான். கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது என்ற பொருள் அதில் தானாக இருக்கிறது.

அருணாசலம் எழுதியது:

பட்டியலின் பெயரை மாற்றுங்கள், 'மாறுபாட்டுப் பட்டியல்' என்று. விலகலை விடாதீர்கள். பிசகு என்றால் யாரோ செய்த தவறு என்ற வாடை வருகிறது. தரநூலில் நிற்காது.

சந்தானம் எழுதியது:

ஐயா, மெக்கானிக்கிடம் 'விலகல் எவ்வளவு' என்றால் விழிப்பான். 'பிசகு எவ்வளவு' என்றால் ஸ்கேலை எடுப்பான். என் ஓட்டு பிசகுக்கு. இன்னொரு வசதியும் இருக்கிறது. ± குறி மாமிகளுக்கு வேண்டாம். மேலே நின்றால் மேற்பிசகு, கீழே நின்றால் கீழ்ப்பிசகு.

பிரபு கேட்ட மறுமட்டம்: கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகர்வது விளையாட்டில்லை. தளத்துக்குச் சற்று மேலும் கீழுமான ஒரு சின்ன எல்லைக்குள் மட்டும் கதவு திறந்திருந்தால் லிஃப்ட்டை ஓடவிடாத பாதுகாப்புச் சுற்றைத் தாண்ட அனுமதிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். கம்பிக் கதவை அப்படியே வைத்துக்கொள்ளும் பழைய லிஃப்ட்டில் அதைக் கேட்கவே கூடாது. கோமதி கட்டடத்தில் கணக்கைப் பாருங்கள். வந்து நிற்பதில் மோசமான நிலையில் 10, கயிற்றில் 8, மொத்தம் 18. இருபதுக்குள் வந்துவிடுகிறது. கேட்டால் விலை ஏறும், பலன் இல்லை. இருபது மாடிக் கட்டடமென்றால் வேறு பேச்சு.

கோமதி எழுதியது:

சரி, அப்படியென்றால் வரி இப்படிப் போகிறது. ±5 என்பதை விட்டுவிட்டேன், அதை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கமிட்டியில் யாருக்கும் ஞாபகமில்லை.

'லிஃப்ட் வந்து நிற்கையில் தளப்பிசகு மேலோ கீழோ 10 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. நின்ற பின் ஆட்கள் ஏறி இறங்கும்போது 20 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. காலியாகவும், 204 கிலோவோடும், 408 கிலோவோடும், ஏறும்போதும் இறங்கும்போதும், ஒவ்வொரு மாடியிலும் நிலைப்படிகளுக்கு நடுவே எஃகு ஸ்கேல் வைத்து அளந்து காட்டிய பின்பே கடைசித் தவணை. எடைக்கற்களைக் கம்பெனியே கொண்டுவர வேண்டும்.'

பட்டியலின் பெயரை ஐயா சொன்னபடி 'மாறுபாட்டுப் பட்டியல்' ஆக்கிவிட்டேன். 'வந்து நிற்கையில்', 'நின்ற பின்' என்பவை கலைச்சொல்லாக இல்லைதான். இரண்டுக்கும் ஒற்றைச் சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் அச்சுக்குப் போகிறது.

அருணாசலம் எழுதியது:

பிசகு பற்றிய என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும்.

விசாலம் எழுதியது:

பேரனின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு எங்கள் லிஃப்ட்டில் நான்கு மாடி போய் வந்தேன். உள்ளே நான் மட்டும். ஏறும்போது எல்லா மாடியிலும் மேற்பிசகு, கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். இறங்கும்போதும் மேற்பிசகுதான், ஆனால் ஒரு சென்டிமீட்டர்தான். இரண்டாம் மாடியில் மட்டும் இறங்கும்போது கீழ்ப்பிசகு. சந்தானம் சார், இது காந்தமா, பிரேக்கா?

சந்தானம் எழுதியது:

மற்ற மாடிகளில் பிரேக்கும் மோட்டாரும். இரண்டாம் மாடியில் அதோடு இறங்கும்போது நிறுத்தும் தகடும். மெக்கானிக்கிடம் அந்தத் தகட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நாளை பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட ஏற்றிக்கொண்டு இன்னொருமுறை அளந்து எழுதுங்கள்.