கடன் பில், வராத பைசா, கட்ட வேண்டிய வரி: உங்கள் அனுபவம்?

மார்த்தாண்டம் கணக்கர்

ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் பாறசாலையிலுள்ள காண்ட்ராக்டர் ஒருவருக்கு பிவிசி குழாய் கடனுக்கு அனுப்பினோம். சரக்கு 50,000. வரி 18 சதவீதம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போவதால் ஐஜிஎஸ்டி 9,000. பில் தேதியிலேயே இப்படி எழுதிவிட்டேன்:

காண்ட்ராக்டர் கணக்கு – பற்று 59,000
விற்பனை – வரவு 50,000
அவுட்புட் ஐஜிஎஸ்டி – வரவு 9,000

20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரி கட்ட வேண்டும் என்றதும் முதலாளி அண்ணாச்சிக்குக் கோபம். "அவன் பைசாவே தரல, நான் எதுக்குல வரி கட்டணும்? வந்த பொறவு எழுது" என்றார். வரிப் பொறுப்பு பில்லோடு வந்துவிடுகிறது, பைசாவுக்காக அது காத்திருக்காது என்றேன். வரவேண்டிய 59,000இல் 9,000 நமக்கு உரியதே இல்லை. அதையும் விற்பனையில் சேர்த்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்றால், லாபம் ஊதித் தெரியும், ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய விற்பனையோடும் ஏடு ஒத்துவராது.

அப்புறம் கொள்முதலை எடுத்துக் காட்டினேன். அந்தக் குழாயை நாகர்கோவிலில் 40,000க்கு வாங்கியபோது சிஜிஎஸ்டி 3,600, எஸ்ஜிஎஸ்டி 3,600 கொடுத்திருக்கிறோம். அது செலவு இல்லை, இன்புட் கணக்கில் பற்றாக நிற்கிறது. அந்த மாதம் வேறு வரி பாக்கி இல்லாததால் இரண்டையுமே ஐஜிஎஸ்டிக்குக் கழிக்க முடிந்தது:

அவுட்புட் ஐஜிஎஸ்டி – பற்று 9,000
இன்புட் சிஜிஎஸ்டி – வரவு 3,600
இன்புட் எஸ்ஜிஎஸ்டி – வரவு 3,600
வங்கி – வரவு 1,800

கையிலிருந்து போவது 1,800 மட்டும் என்றதும் அண்ணாச்சி சாயா வாங்கித் தந்தார்.

குளச்சல் வியாபாரி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 32இல் தொடங்கினால் கேரளம், ஐஜிஎஸ்டி போடு. 33 என்றால் நம்மூர், பாதி பாதியாகப் பிரி. நான் இப்படித்தான் செய்கிறேன்.

நாகர்கோவில் வரி ஆலோசகர்

பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் எப்போதும் இல்லை அண்ணே. என்னிடம் வந்த ஒரு கேஸில் எண் 32தான். ஆனால் சரக்கை அந்தக் காண்ட்ராக்டர் தன் குழித்துறை வேலைத்தளத்தில் இறக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். சரக்கின் பயணம் தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டதால் சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500 என்று பில் போட்டோம். தமிழ்நாட்டு வரியைக் கேரளப் பதிவில் அவர் கிரெடிட் எடுக்க முடியாது. "எனக்கு 9,000 நஷ்டம், ஐஜிஎஸ்டியாக மாற்றிக் கொடு" என்று ஒரே சண்டை. இந்தப் பக்கம் வேலை எடுக்கிறவர் இங்கேயும் ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும். அதற்காக நம் பில்லைத் திருத்த முடியாது.

தக்கலை பேக்கரி

என் கடை காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறது. பக்கத்து டீக்கடைக்கு பன் கடனுக்குக் கொடுக்கிறேன். நானும் அவுட்புட் வரி என்று தனிக் கணக்கு எழுத வேண்டுமா?

நாகர்கோவில் வரி ஆலோசகர்

வேண்டாம். நீங்கள் பில்லில் வரி வசூலிக்கவே கூடாது. உங்கள் வரி உங்கள் செலவு. டீக்கடைக்காரர் பெயரில் முழுத் தொகை பற்று, விற்பனை வரவு, அவ்வளவுதான். இங்கே பேசுவது வேறு கதை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நான் வாங்குகிற பக்கம். கொள்முதல் 50,000 பற்று, இன்புட் ஐஜிஎஸ்டி 9,000 பற்று, மார்த்தாண்டம் கடை 59,000 வரவு. உங்களுக்குக் கட்ட வேண்டிய அதே 9,000 எனக்கு வரவேண்டியது. ஆனால் நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் பில்லை ஏற்றி, அது என் ஜிஎஸ்டிஆர்-2பியில் தெரிந்தால்தான் கிரெடிட் எடுக்க முடியும். ஒரு முறை கடைக்காரர் ஏற்ற மறந்துவிட்டார். அந்த மாத வரியை ரொக்கமாகக் கட்டினேன்.

மார்த்தாண்டம் கணக்கர்

அண்ணே, உங்களுக்கும் ஒரு கெடு உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால், எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். கொடுத்த பிறகு மறுபடி எடுக்கலாம். நான் வசூலுக்குப் போன் போடும்போது பாக்கியை விட்டுவிட்டு இந்த 180 நாளைத்தான் முதலில் சொல்வேன். அது நன்றாக வேலை செய்கிறது.

குளச்சல் வியாபாரி

சரி, ஆள் ஓடியே போய்விட்டால்? கட்டிய 9,000 திரும்ப வருமா?

நாகர்கோவில் வரி ஆலோசகர்

வராது. வாராக்கடன் என்பதற்காக வரிக்கு கிரெடிட் நோட் போட சட்டத்தில் இடமில்லை. சரக்கு திரும்பி வந்தாலோ, குறையுள்ளதாக இருந்தாலோ, விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தாலோதான் போடலாம். 59,000ஐயும் வாராக்கடன் பற்று, அவர் கணக்கு வரவு என்று எழுத வேண்டியதுதான்.

குளச்சல் வியாபாரி

இன்னொன்று. பூவாறிலிருந்து பதிவு பெற்ற ஒருவர் சொந்த ஜீப்பில் வந்து என் கடையிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார். சரக்கு எங்கே போகிறது என்று நான் பின்னாலேயே போய்ப் பார்க்கவா?

நாகர்கோவில் வரி ஆலோசகர்

வாங்குபவரே எடுத்துப் போனாலும் பயணம் முடியும் இடம்தான் கணக்கு என்று சொல்லி நான் ஐஜிஎஸ்டி போடச் சொல்கிறேன். கடையிலேயே டெலிவரி முடிந்தது, பாதி பாதிதான் என்று வாதாடும் ஆடிட்டர்களும் உண்டு. பில்லில் போய்ச் சேரும் முகவரியையும் வண்டி எண்ணையும் எழுதி வாங்கி வையுங்கள்.