நான்கு கம்ப்ரசர்கள், ஒரே ஹெடர்: லீடு இயந்திரம் முறை தவறியது எப்படி?

நூற்பாலை பராமரிப்பு, திண்டுக்கல்

எங்கள் ஆலையில் 55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் நான்கு உள்ளன. மூன்று நிலையான வேகத்தில் ஓடுபவை. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றுத் தரும். நான்காவது, மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பொருத்தியது, 3 முதல் 9 கன மீட்டர் வரை கூட்டிக் குறைக்கும். நூல் சுற்றும் ஆட்டோகோனர்களுக்கு 6 பாருக்குக் குறையாமல் காற்று போக வேண்டும். எந்த இயந்திரம் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் சீக்வென்சர் வருவதற்கு முன், ஒவ்வொரு கம்ப்ரசரின் சொந்த அழுத்த அமைப்பையும் படிப்படியாகத் தள்ளி வைத்து, வரிசையாக ஓட்டி வந்தோம். லீடான முதல் இயந்திரம் 6.8-இல் லோடு ஆகி, அதாவது காற்றுத் தரத் தொடங்கி, 7.2-இல் அன்லோடு ஆகி வெறுமனே ஓடும், இரண்டாவது 6.6-இல் லோடு, 7.0-இல் அன்லோடு, மற்றவை அதற்கும் கீழே.

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய பிறகு, முதல் இயந்திரம் எட்டு, பத்து வினாடிக்கு ஒருமுறை லோடும் அன்லோடுமாகத் தடுமாறத் தொடங்கியது. சோலனாய்டு வால்வின் 'டக்' என்ற ஓசையும், கம்ப்ரசரின் உள் தொட்டியிலிருந்து காற்று சீறும் சத்தமும் இரவு ஷிப்டு முழுவதும் நிற்கவில்லை. கன்ட்ரோலரை மாற்ற வேண்டும் என்றே முதலில் நினைத்தோம். ஆனால் குறை அதில் இல்லை.

கம்ப்ரசரின் சென்சார் இருப்பது டிரையருக்கும் ஃபில்டருக்கும் முன்னால். ஃபில்டர் சுத்தமாக இருந்தபோது அவற்றைக் கடக்கையில் 0.2 பார் இழப்பே இருந்தது. அடைத்துக்கொண்ட பிறகு அது 0.6 பாராக உயர்ந்திருந்தது. எனவே இயந்திரம் தன்னிடம் 7.2 என்று கண்டு அன்லோடு ஆகும் வேளையில் பொதுக் குழாயான ஹெடரில் இருப்பது 6.6 மட்டுமே. அன்லோடு ஆனவுடன் ஃபில்டர் வழியாகக் காற்றோட்டம் நின்றுவிடுவதால் அந்த இழப்பு மறைந்து, சென்சாரும் 6.6 என்றே காட்டும். அது லோடு அளவான 6.8-க்குக் கீழே என்பதால் உடனே மீண்டும் லோடு ஆகிவிடும். இதற்கிடையே, ஃபில்டர் சுத்தமாக இருந்த இரண்டாவது இயந்திரம் ஹெடர் 6.8-ஐத் தொடும் வரை லோடிலேயே நின்றது. துணைக்கு நிற்க வேண்டியது முன்னால் வந்து, முன்னால் நிற்க வேண்டியது அல்லாடியது.

ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தொட்டி அழுத்தம் இறங்கிய முழு அன்லோடில் 45 ஆம்பியருக்கு அருகே வரும் மோட்டார், அந்த நிலையில் 70-க்குக் கீழே இறங்கவே இல்லை. தொட்டி காற்றை வெளியேற்றி முடிக்கும் முன்பே அது மீண்டும் லோடு ஆகிவிட்டது.

இதற்குப் பிறகுதான் சீக்வென்சர் பொருத்தினோம். டிரையர்களுக்குப் பின்னுள்ள ரிசீவரில் ஒரே டிரான்ஸ்மிட்டர். நான்கு இயந்திரங்களுக்கும் அந்த ஒரே எண்தான் கட்டளை. 6.4 முதல் 6.7 வரை வைத்திருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் தங்கள் அமைப்பைப் பகிர வேண்டுகிறேன்.

பின்னலாடைப் பிரிவு, திருப்பூர்

எங்களிடம் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. எல்லா இயந்திரங்களையும் 7.5 பாரில் வைத்துவிட்டால் ஹெடர் 6-க்குக் கீழே வருவதே இல்லை. பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது.

யுட்டிலிட்டி பொறியாளர், ஓசூர்

திருப்பூர் அன்பர் சொல்வதில் ஒரு பாதி உண்மை: உயர்ந்த அழுத்தம் ரிசீவரில் கொஞ்சம் கையிருப்பாக நிற்கும். ஆனால் ஒரு பார் உயர்த்தினால் மின் செலவு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் கூடுகிறது; அதே துளை வழியாகக் கசிவும் அதிகமாகிறது. கையிருப்பு வேண்டுமானால் டாங்கைப் பெரிதாக்குவதே சரியான வழி.

திண்டுக்கல் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹெடர் 6.4-ஐத் தொட்டபின் அடுத்த இயந்திரத்தைக் கிளப்ப எத்தனை வினாடி தாமதம் வைத்திருக்கிறீர்கள்?

நூற்பாலை பராமரிப்பு, திண்டுக்கல்

அதில்தான் அடுத்த பாடம் கற்றோம், ஐயா. தேவையற்ற ஸ்டார்ட்டைத் தவிர்க்க 20 வினாடி வைத்திருந்தோம். பல ரிங் ஃபிரேம்கள் ஒரே வேளையில் ஆட்டோ டாஃபிங் செய்தபோது தேவை, கிடைக்கும் காற்றைவிட நிமிடத்துக்கு 8 கன மீட்டர் கூடிவிட்டது. ரிசீவரும் குழாய்களும் சேர்ந்து 4 கன மீட்டர் கொள்ளளவு. எட்டை நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 2 பார் வீதம் அழுத்தம் இறங்கும். நின்றிருக்கும் இயந்திரம் ஸ்டார்-டெல்டா முடித்து லோடு ஏற்க எங்களுக்கு 15 வினாடி ஆகும். தாமதத்தோடு 35 வினாடி. அதற்குள் 1.2 பார் இறங்கி 5.2-க்கு வந்துவிட்டது, ஆட்டோகோனர்கள் நின்றுவிட்டன.

தாமதத்தை 5 வினாடியாக்கியும் 5.7 வரைதான் தாங்கியது. பிறகு 5 கன மீட்டர் ரிசீவர் ஒன்று கூடுதலாக வைத்தோம். கொள்ளளவு ஒன்பதானதும், அதே 20 வினாடியில் இறங்குவது 0.3 பார் மட்டுமே, 6.1-இல் நிற்கிறது. டாஃபிங் அட்டவணை கையில் இருப்பதால், அந்த நேரத்துக்குச் சற்று முன்பே அடுத்த இயந்திரத்தை அன்லோடில் ஓட வைப்பதையும் பழக்கமாக்கியிருக்கிறோம்.

வாகனப் பணிமனை, மதுரை

எங்களிடம் இரண்டு பிஸ்டன் கம்ப்ரசர்கள் உள்ளன. ஒன்றை மாற்றி ஒன்று ஓட்டினாலும் ஸ்ப்ரே கன்னில் தண்ணீர் வருகிறது. லீடு-லேக் வைத்தால் தண்ணீர் வருவது நிற்குமா?

யுட்டிலிட்டி பொறியாளர், ஓசூர்

மதுரை நண்பருக்கு: நிற்காது. அது டாங்கின் வடிகாலும் டிரையரும் சம்பந்தப்பட்ட குறை. டாங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் தினமும் திறந்து பாருங்கள். இரண்டு பிஸ்டன் இயந்திரங்களுக்கு இரண்டு பிரஷர் ஸ்விட்சை அரை பார் இடைவெளியில் வைத்தாலே போதும்.

திண்டுக்கல் ஐயாவின் வி.எஃப்.டி. பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அதை லீடு வரிசையில் சுழற்றாமல் எப்போதும் இறுதியில், ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும் இயந்திரமாக வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி வைத்தும் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு நிலை வேக இயந்திரமும் வி.எஃப்.டி.யும் சேர்ந்து தரக்கூடியது 19, இரண்டு நிலை வேக இயந்திரங்களும் வி.எஃப்.டி.யின் குறைந்தபட்சமும் சேர்ந்தால் 23. உங்கள் தேவை 19-க்கும் 23-க்கும் நடுவில் நின்றால் எந்தச் சேர்க்கையும் பொருந்தாது. ஏதோ ஒரு இயந்திரம் லோடு-அன்லோடு ஆகிக்கொண்டே இருக்கும். வி.எஃப்.டி. கூட்டிக் குறைக்கும் அளவு, நிலை வேக இயந்திரத்தின் 10 கன மீட்டரைவிடச் சற்றுப் பெரிதாக இருந்திருந்தால் இந்தப் பள்ளமே இராது.

நூற்பாலை பராமரிப்பு, திண்டுக்கல்

இறுதியில்தான் வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்லும் பள்ளம் இரவு ஷிப்டில் எங்களுக்கு இருக்கிறது. தேவை 21 அருகே நின்றால் வி.எஃப்.டி. ஓடி நின்று, ஓடி நின்று அலைகிறது. புதிய ரிசீவர் அந்தச் சுழற்சியை மெதுவாக்கியிருக்கிறதே தவிர நீக்கவில்லை.

கருவியியல் மேற்பார்வையாளர், கரூர்

ஒரே டிரான்ஸ்மிட்டரை நம்புவது பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் ஆலையில் அதன் ஒயர் அறுந்து, சீக்வென்சர் பூஜ்யம் பார் என்று படித்து, எல்லா இயந்திரங்களையும் லோடு செய்தது. கம்ப்ரசர்களின் சொந்த மேல் வரம்பு 7.2-இல் இருந்ததால் தப்பித்தோம். 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் 3.6-க்குக் கீழே வந்தால் அலாரம் கொடுத்து, சொந்த அமைப்புக்குத் திரும்புமாறு வைத்துவிடுங்கள். சொந்த அமைப்புகளையும் படிப்படியாகத் தள்ளியே வையுங்கள்.

மற்றபடி லீடைச் சம மணி நேரத்துக்கு மாற்றுவது நல்லது என்றே எண்ணுகிறேன். மூன்றும் ஒன்றுபோலத் தேயும்.

யுட்டிலிட்டி பொறியாளர், ஓசூர்

அதில் நான் உடன்படவில்லை. மூன்றும் ஒன்றுபோலத் தேய்ந்தால் மூன்றுக்கும் ஒரே மாதத்தில் பெரிய ஓவர்ஹால் வரும். ஒன்றை முன்னால் ஓடவிட்டு ஒன்றைப் பின்னால் வைத்திருப்பதே எனக்குப் பிடித்த முறை. கரூர் அன்பரின் ஆலையில் எப்படி முடிந்தது என்று கேட்க ஆவல்.

நூற்பாலை பராமரிப்பு, திண்டுக்கல்

3.6 அலாரத்தை இன்றே வைக்கிறேன். லீடு மாற்றும் சுழற்சியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். இரவில் இரண்டு நிலை வேக இயந்திரங்களை முழுதாக ஓட்டி, கசிவுகளை அடைத்துத் தேவையை 19-க்குக் கீழே இறக்க முடிகிறதா என்று அடுத்த வாரம் அளந்து பார்க்கிறேன். இறங்கினால் ஒரு நிலை வேக இயந்திரமும் வி.எஃப்.டி.யும் போதும்.