உம்மாவின் மாத்திரை நேரம்: அமெரிக்கா போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் ஸலாம். கீழக்கரையிலிருந்து உம்மா கோடையில் நியூஜெர்சியில் உள்ள தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே அப்போது நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம்தான், நம்மூரில் யாரும் யோசிப்பதே இல்லை.

தைராய்டு மாத்திரை காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில். அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அந்த ஊர் காலைக்கே மாறிவிடலாம், 24 மணி நேர இடைவெளி ஒருமுறை முப்பத்து மூன்றரை ஆனாலும் பரவாயில்லை, இரண்டாகப் போட வேண்டாம் என்றார் டாக்டர். இரவு போடும் அம்லோடிபினும் மெதுவாகவே இறங்கும், அதற்கும் இதே கணக்குதான்.

சிக்கல் மெட்டோபிரலால். ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் வகை இல்லை. காலை 8, இரவு 8 என இருவேளை. இங்கே இரவு போட்டுவிட்டு அங்கே காலை 8 வரை காத்திருந்தால் இடைவெளி இருபத்தொன்றரை மணி நேரமாகிவிடும். படபடப்பு வரலாம், பிரஷர் ஏறலாம். கைக்கடிகாரத்தை மாற்றாமல் நம்மூர் நேரப்படியே போட்டால், அங்கே காலை பத்தரை, இரவு பத்தரை. இது சுலபமாகத் தெரிகிறது.

டாக்டரை மறுபடி பார்க்கும்முன் கேட்கிறேன்: பத்தரையிலேயே விட்டுவிட்டீர்களா, அல்லது தினம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தி எட்டுக்குக் கொண்டுவந்தீர்களா? மருந்தாளுநர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.