60 மி.லி. ஒரே ஊற்றா, 20 வீதம் மூன்று தடவையா?

கணக்கன்60:
தேயிலைக் கஷாயத்திலிருந்து, டைகுளோரோமீத்தேன் என்ற டிசிஎம் கரைப்பானை ஊற்றிக் கஃபீன் எடுக்கும் செய்முறையில் 20 மி.லி. வீதம் மூன்று தடவை குலுக்கு என்கிறார்கள். 60-ஐ ஒரே தடவையில் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? 20+20+20-உம் 60 தானே. பங்கீட்டுக் குணகம் மாறிலி என்று அவர்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிரித்து ஊற்றினால் அதிகம் வரும் என்பது மந்திரம். மாணவனை மதியச் சாப்பாட்டுக்கு விடாமல் நிற்கவைக்க ஒரு வழி.

பழைய புனல்:
மந்திரம் இல்லை ஐயா, பின்னக் கணக்கு. 100 மி.லி. கஷாயத்தில் 400 மி.கி. கஃபீன் இருக்கிறது என்று வையுங்கள். குணகத்தை 5 என்று எடுங்கள், அதாவது ஒரு மி.லி. தண்ணீரில் தங்குவதைப் போல ஐந்து மடங்கு கஃபீன் ஒரு மி.லி. டிசிஎம்மில் தங்கும். அப்படியானால் 20 மி.லி. டிசிஎம்மில் இருக்கும் இடம், கஃபீனுக்கு 100 மி.லி. தண்ணீரில் இருக்கும் இடத்துக்குச் சமம். இரண்டு பக்கமும் சம இடம் என்றால் பாதி பாதியாகப் பிரியும். முதல் தடவை 200 வந்துவிட்டது. அதை வடித்துவிட்டுப் புது 20 ஊற்றினால் மிச்சத்தில் பாதி, 100. மூன்றாவதில் 50. ஆக 350 கைக்கு வந்தது, 50 தங்கிவிட்டது.

உங்கள் 60-ஐ ஒரே மூச்சில் ஊற்றினால் அது 300 மி.லி. தண்ணீருக்குச் சமம், எதிரே 100. நாலில் மூன்று பங்கு, 300 வரும். 100 தங்கும். உங்கள் வழியில் தண்ணீரோடு போவது சரியாக இரண்டு மடங்கு.

கணக்கன்60:
அந்த 5 எங்கே முளைத்தது? உங்களுக்கு வசதியான எண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டீர்கள்.

பழைய புனல்:
கணக்குக்கு எடுத்த எண்தான், ஒளிக்கவில்லை. சூட்டைப் பொறுத்து அது மாறவும் மாறும். பிடிக்காவிட்டால் 10 வையுங்கள். ஒரே ஊற்றில் 57 மி.கி. தங்கும், மூன்று தடவையில் 15 தான். எண்ணை மாற்றினால் தப்பிக்கலாம் என்று பார்த்தீர்கள், இரண்டு மடங்காக இருந்த நஷ்டம் ஏறக்குறைய நாலு மடங்காகிவிட்டது.

நெல்லைச்சீமை:
நான் கல்லூரியில் 60 மி.லி. ஊற்றி மூன்று தடவை நன்றாகக் குலுக்கினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கணக்கன் சொல்வதுதான் சரி.

பழைய புனல்:
தம்பி, அதே 60-ஐ முப்பது தடவை குலுக்கினாலும் 300 தான். சமநிலை வந்தபிறகு எவ்வளவு கஃபீன் மேலிருந்து கீழே போகிறதோ அவ்வளவு திரும்பி மேலே வரும். ஒவ்வொரு தடவையும் கீழ் லேயரை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஊற்றினீர்களா?

நெல்லைச்சீமை:
மாஸ்டர் குலுக்கு என்றார், குலுக்கினேன்.

கணக்கன்60:
சரி, உங்கள் எண்களையே எடுக்கிறேன். மூன்றாவது தடவை வடித்ததில் 20 மி.லி.க்கு 50 மி.கி. அதாவது மி.லி.க்கு 2.5. என் 60-இல் மி.லி.க்கு 5. எது வளமான சாறு? தண்ணியான மூன்றாவது சாற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு பெருமையா?

பழைய புனல்:
முதல் தடவை வடித்ததை மட்டும் ஏன் எண்ணாமல் விட்டீர்கள்? அதில் மி.லி.க்கு 10. உங்கள் 60 அந்த 10-ஐ எட்டவே முடியாது, ஏனென்றால் அது கடைசியில் மி.லி.க்கு 1 மி.கி. மட்டும் மிஞ்சிய கஷாயத்தோடு சமரசம் ஆகிறது. முதல் 20 சமரசம் ஆனது மி.லி.க்கு 2 இருந்த கஷாயத்தோடு. அதனால் ஏற்றிக்கொண்டதும் இரட்டிப்பு. சுமை ஏறியதும் அதை வெளியே எடுத்துவிட்டோம், இனித் தண்ணீருக்குத் திரும்ப வழியில்லை. லாபம் முழுவதும் அந்த வடித்தலில்தான் இருக்கிறது.

கணக்கன்60:
மூன்றாவதில் 2.5. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தென்னந்தோப்பு:
இதற்குப் போய் இத்தனை சண்டையா? தேங்காய்ப்பால் எடுப்பதில்லையா எங்கள் வீட்டில்! முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். ஒரே தடவையில் மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் சக்கையிலேயே பாதி நின்றுவிடும். இதற்கு வேதியியல் எதற்கு?

பழைய புனல்:
உதாரணம் பாதிதான் பொருந்தும். அங்கே ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவம் இல்லை, குணகமும் இல்லை. சக்கை ஈரமாகவே நிற்பதால் அதில் தங்கும் பாலை அடுத்த தண்ணீர் கழுவிக்கொண்டு வருகிறது. பங்கு பிரிவது வேறு, கழுவுவது வேறு.

தென்னந்தோப்பு:
ஓ, சக்கை ஈரமாக நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாதாக்கும்.

ஈதர்வாசம்:
கணக்கனைக் கிண்டல் செய்வதை விடுங்கள், நடைமுறையில் ஒரே ஊற்றுதான் நிம்மதி. தேயிலையில் டானின் இருக்கிறது. சோடியம் கார்பனேட் போட்டால் அது உப்பாகித் தண்ணீரிலேயே நிற்கும், ஆனால் சோப்பு மாதிரி நுரைக்கும். வேகமாகக் குலுக்கினால் நடுவில் பழுப்புப் பால்மம் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரம் நகராது. மூன்று தடவை குலுக்கினால் மூன்று அரைமணி. பால்மத்தில் மாட்டிய டிசிஎம்மை உங்கள் பின்னக் கணக்கில் எங்கே கழித்தீர்கள்?

பழைய புனல்:
இது நியாயமான கேள்வி. ஆனால் தேநீரைக் குலுக்கக் கூடாது, பிரிபுனலைச் சாய்த்து மெதுவாக உருட்ட வேண்டும், கொஞ்ச நேரம் கூடுதலாக. பால்மம் வந்துவிட்டால் சிட்டிகை உப்பு போடுங்கள். ஒரே 60-ஐ வேகமாகக் குலுக்கினாலும் இதே பால்மம்தான் வரும், அது எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. அப்புறம், போன வருடம் ஈதர் எடுத்தபோது மேல் லேயரைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தது நீங்கள்தானே?

ஈதர்வாசம்:
டிசிஎம் கீழே நிற்கும், ஈதர் மேலே நிற்கும். ஒரு நாள் பழக்கதோஷம். அதைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளுங்கள்.

கணக்கன்60:
பிரித்தால் லாபம் என்றால் 1 மி.லி. வீதம் 60 தடவை ஊற்றுங்களேன், கஃபீன் முழுவதும் வந்துவிடுமே! ஏன் மூன்றோடு நிறுத்தினீர்கள்?

பழைய புனல்:
கடைசியில் ஒரு நல்ல கேள்வி. முழுவதும் வராது. குணகம் பழைய 5 தான் என்று வைத்தால், 10 வீதம் ஆறு தடவையில் 35 மி.கி. தங்கும். 60 தடவை என்றால் ஏறக்குறைய 21. எவ்வளவு பொடிப்பொடியாக நறுக்கினாலும் 60 மி.லி.யால் 20-க்குக் கீழே இறங்கவே முடியாது. ஆக ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனதில் 50 மிச்சம், மூன்றிலிருந்து ஆறுக்குப் போனதில் 15 மிச்சம், அதற்குமேல் கைதான் வலிக்கும். இன்னொன்று, 100 மி.லி. தண்ணீரில் டிசிஎம்மே ஏறக்குறைய ஒரு மி.லி. கரைந்துவிடும். உங்கள் முதல் ஒரு மி.லி.க்குப் புனலில் லேயரே தெரியாது, குழாயைத் திறந்து கஷாயத்தைத்தான் வடிப்பீர்கள்.

கணக்கன்60:
பார்த்தீர்களா, பிரித்தால் லாபம் என்பதற்கும் எல்லை உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். நான் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னேன். மூன்றாவதில் 2.5.

பழைய புனல்:
நீங்கள் சொன்னது 20+20+20-உம் 60 தான் என்று. மேலே போய்ப் படியுங்கள்.

கணக்கன்60:
அது தப்பா? கூட்டிப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:
ஒரு சந்தேகம். நான் கீழே இருந்ததைத்தான் பீக்கரில் வைத்தேன், மேலே பழுப்பாக இருந்தது தேநீர்தானே? அதைக் கொட்டிவிட்டேன். மூன்று தடவையும் அதே 60 என்றால் மார்க் குறையுமா?

தென்னந்தோப்பு:
மூன்றாம் பாலைக் கேலி செய்தவர்கள் யாராவது அதில் சொதி வைத்துச் சாப்பிட்டதுண்டா? முதல் பாலில் காய் வேகவைத்தால் திரிந்துவிடும், தெரியுமா?

பழைய புனல்:
யார் கேலி செய்தது? பொருந்தாது என்றேன்.

தென்னந்தோப்பு:
'சக்கை' என்றீர்கள்.